கையெழுத்து இருந்தும் விதி ஏன் நிற்கவில்லை?

கேள்வி: "கொட்டாஞ்சேனையில் துறைமுகச் சரக்கைச் சுங்கத்தில் விடுவித்துக் கொடுக்கும் கிளியரிங் நிறுவனம் நடத்துகிறேன். 17 பேர் வேலை செய்கிறார்கள். கணினி, இன்டர்நெட் பாவனைக்கு 9 பக்க ஆங்கில விதிமுறை ஒன்றை இணையத்தில் எடுத்து எல்லோரிடமும் கையெழுத்து வாங்கியிருக்கிறேன். போன மாதம் ஒருவர் வாடிக்கையாளர்களின் விலைக் கூற்றுகளைத் தன் சொந்த ஜீமெயிலுக்கு அனுப்பியது தெரிய வந்தது. கேட்டால், 'எல்லோரும்தானே அனுப்புகிறார்கள், நீங்களும் அனுப்புகிறீர்களே' என்கிறார். இன்னும் வேலையில்தான் இருக்கிறார். அவரை நீக்கலாமா? அவருடைய கணினியில் திறந்து கிடக்கும் வட்ஸ்அப்பைப் பார்க்கலாமா? இனிமேலாவது நிற்கக்கூடிய விதியை எப்படி எழுதுவது?"

பதில்:

இருக்கிற ஆவணத்தை வைத்து அவரை நீக்காதீர்கள். வட்ஸ்அப்பைத் தொடவே தொடாதீர்கள். அந்தக் கணக்கு அவருடையது. கணினி உங்களுடையது என்பதால் அதில் திறந்திருக்கும் அவருடைய சொந்தக் கணக்கும் உங்களுடையதாகி விடாது. அனுமதி இல்லாமல் பிறர் கணக்குக்குள் நுழைவதைக் கையாள 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் இருக்கிறது. அவர் மீது குற்றம் சொல்லப் போய் நீங்கள் பதில் சொல்ல வேண்டிய இடத்தில் நிற்கக் கூடாது.

ஏன் நீக்க வேண்டாம் என்கிறேன்? அவர் நாளைக்குத் தொழில் நியாய சபைக்குப் போனால், நீக்கியது நியாயம் என்று காட்ட வேண்டியவர் நீங்கள்தான். போவதற்கு அவருக்கு 6 மாத அவகாசம் உண்டு. அங்கே முதலில் கேட்கப்படப் போவது, அவர் மீறிய விதி எது என்பது. உங்களுடைய 9 பக்கத்தைப் புரட்டினால், இப்படிப்பட்ட ஆவணங்களில் நான் வழக்கமாகக் காணும் வரிதான் உங்களுடையதிலும் இருக்கும்: "நிறுவனத்தின் தகவல்களையும் சாதனங்களையும் ஊழியர்கள் தவறாகப் பயன்படுத்தக் கூடாது." சொந்த ஜீமெயிலுக்கு அனுப்புவது தவறான பயன்பாடா? அந்த ஆவணம் சொல்லவில்லை. அதே வேலையை நீங்களும் மற்றவர்களும் செய்து வந்திருக்கிறீர்கள் என்றால், அது தவறு அல்ல என்றுதான் உங்கள் அலுவலகம் இவ்வளவு நாளும் சொல்லி வந்திருக்கிறது. அவர் சொன்ன பதில் எரிச்சலூட்டலாம். ஆனாலும் அது சரியான பதில்.

அந்த விலைக் கூற்றுகளைப் போட்டி நிறுவனம் ஒன்றுக்குக் கொடுத்தார் என்பதற்கு உங்களிடம் ஏதாவது ஆதாரம் இருந்தால் கதை வேறு. முதலாளியின் இரகசியத்தைக் காக்கும் கடமை விதிமுறை ஆவணம் இல்லாமலேயே ஊழியருக்கு உண்டு. அதை ஒரு தொழிற்சட்டச் சட்டத்தரணியிடம் கொண்டு போங்கள். ஜீமெயிலுக்கு அனுப்பினார் என்பது மட்டுமே தெரியும் என்றால், அவருக்குத் தனியாகக் கடிதம் கொடுக்காமல், கீழே சொல்லப் போகும் புதிய விதியை எல்லோருக்கும் ஒரே நாளில் கொடுங்கள். அனுப்பிய கோப்புகளை அழித்துவிட்டதாக எழுதித் தரும்படி அவரிடம் கேட்கலாம். கேட்பதில் தவறில்லை.

சரி, நிற்கக்கூடிய விதி எப்படி இருக்கும்? எல்லா விதியையும் ஒரே பதிலில் சொல்லி உங்களைக் குழப்பாமல், உங்களைச் சுட்ட ஒரே விதியை எடுத்து முழுமையாக எழுதிப் பார்க்கிறேன். மற்றவற்றையும் அதே அச்சில் நீங்களே வார்த்துக் கொள்ளலாம்.

ஒரு விதி எழுதினால் அதைப் பார்த்து நான்கு கேள்வி கேட்பது என் வழக்கம். செய்யக் கூடாத செயல் எது என்று கண்ணால் காணக்கூடியபடி சொல்லியிருக்கிறதா? அந்தச் செயல் நடந்தால் எங்காவது பதிவு விழுமா? அந்தப் பதிவு ஒரே ஒரு ஆளைக் காட்டுமா? விதியைக் கைக்கொண்டபடியே அன்றைய வேலையை முடிக்க முடியுமா? இதில் ஒன்றுக்கு 'இல்லை' என்றாலும் அந்த விதி அலுமாரிக்குள் கிடக்கும் தாள்தான்.

"தவறாகப் பயன்படுத்தக் கூடாது" முதல் கேள்வியிலேயே விழுந்து விடும். 'தவறு' என்பது அபிப்பிராயம், செயல் அல்ல. 'அளவுக்கு மீறி', 'நியாயமான அளவு', 'பொருத்தமற்ற' எல்லாம் இதே வகைச் சொற்கள். உங்கள் ஆவணத்தில் இவை எத்தனை இடத்தில் வருகின்றன என்று சிவப்புப் பேனாவால் சுழித்துப் பாருங்கள். சுழித்த ஒவ்வொரு இடமும், விசாரணை என்று வந்தால் நீங்கள் வாதாட வேண்டிய இடம்.

அந்த வரியை உங்கள் தொழிலின் பாஷையிலேயே திருப்பி எழுதினால் இப்படி வரும்:

> விதி 4. விலைக் கூற்று, இன்வொய்ஸ், பில் ஒஃப் லேடிங், சுங்கப் பிரகடனம், வாடிக்கையாளர் பட்டியல் ஆகியவற்றில் எதையும் ஊழியர் தனது சொந்த மின்னஞ்சலுக்கோ, சொந்த வட்ஸ்அப் இலக்கத்துக்கோ, சொந்த இணையச் சேமிப்பிடத்துக்கோ அனுப்பக் கூடாது. பென் டிரைவில் பிரதி எடுக்கவும் கூடாது.
>
> வேலைக்கு அப்படித் தேவைப்பட்டால், முகாமையாளரின் அனுமதியை முன்கூட்டியே மின்னஞ்சலில் பெற வேண்டும். அனுமதி கேட்க நேரமில்லாத அவசரத்தில் அனுப்பினால், அடுத்த வேலைநாள் காலை 10 மணிக்குள் எதை, யாருக்கு, ஏன் அனுப்பினார் என்று முகாமையாளருக்கு மின்னஞ்சலில் அறிவிக்க வேண்டும். அப்படி அறிவித்தவர் விதியை மீறியவர் ஆக மாட்டார்.

கடைசி வாக்கியத்தைப் பார்த்து "இது ஓட்டை ஆயிற்றே" என்று என்னிடம் பல முதலாளிமார் சொல்லியிருக்கிறார்கள். அதை எடுத்துவிட வேண்டாம் என்று மன்றாடிக் கேட்டுக் கொள்கிறேன். உங்கள் ஆள் ஒருகொடவத்தையில் கொள்கலனைத் திறக்கும் யார்டில் வெயிலில் நிற்கிறார். சுங்க அதிகாரி இன்வொய்ஸின் இரண்டாம் பக்கத்தைக் கேட்கிறார். அந்த நேரத்தில் அவர் தன் போனுக்கு அதை எடுத்துத்தான் ஆவார், எடுக்கவும் வேண்டும். அதற்கு வழி விடாத விதி என் நான்காம் கேள்வியில் விழுந்து விடும், முதல் வாரமே அதை எல்லோரும் மீறுவார்கள். எல்லோரும் மீறியதை நீங்கள் கண்டும் காணாமல் இருப்பீர்கள். ஆறு மாதம் கழித்து ஒருவரை மட்டும் பிடித்தால், மறுபடியும் 'எல்லோரும்தானே' என்ற பதில்தான் வரும். அறிவிக்கச் சொல்லும் வரியால் இரண்டு பலன் உண்டு. நேர்மையாக அனுப்பியவருக்குக் கையில் ஒரு காகிதம் இருக்கும். ஒளித்து அனுப்பியவர் அறிவிக்காமல் விட்டதே தனி மீறலாகி விடும்.

அந்த அவசரமே அடிக்கடி வராமல் செய்ய முடியுமென்றால் இன்னும் நல்லது. நிறுவனப் பெயரில் ஒரு சிம், ஒரு சாதாரண போன், அதில் வட்ஸ்அப் பிஸ்னஸ். ஒரு கணக்கோடு 4 சாதனங்கள் வரை இணைக்கலாம், எனவே ஒபரேஷன்ஸ் மேசைக் கணினிகள் இரண்டு மூன்றிலும் அதே இலக்கம் ஓடும். யார்டுக்குப் போகிறவருக்கும் வாடிக்கையாளருக்கும் கோப்பு அந்த இலக்கத்திலிருந்தே போகட்டும். யார்டுக்கு என்று தனியாக ஒரு அலுவலக போன் வைத்தால், அங்கே நிற்பவரின் சொந்த போனுக்கு வேலையே இருக்காது. தாய் போன் அலுவலகத்திலேயே இருக்க வேண்டும், யாராவது தினமும் திறக்கவும் வேண்டும். 14 நாள் அதைப் பாவிக்காமல் விட்டால் இணைத்த கணினிகள் தானாகவே வெளியேறிவிடும். இதைச் செய்த பிறகு, "சொந்த வட்ஸ்அப் சொந்த போனில் மட்டும், அலுவலகக் கணினியில் அலுவலக இலக்கம் மட்டும்" என்று ஒரு வரி எழுதலாம். யாருடைய வட்ஸ்அப்பைப் பார்ப்பது என்ற உங்கள் கேள்வியும் அத்தோடு போய்விடும்.

இனி இரண்டாம் கேள்வி, பதிவு. விதியை மீறினால் அது எங்கே தெரியும்? நீங்கள் மைக்ரோசொஃப்ட் 365 போன்ற கட்டணச் சேவையில் நிறுவனப் பெயரில் மின்னஞ்சல் வைத்திருந்தால் பெரிதாக ஒன்றும் வாங்க வேண்டியதில்லை. நிர்வாகி கணக்கில் Message trace என்று ஒரு பக்கம் இருக்கிறது. எந்த முகவரியிலிருந்து எந்த முகவரிக்கு, எந்த நேரத்தில், என்ன தலைப்பில் மின்னஞ்சல் போனது என்று அது காட்டும். கடிதத்தின் உள்ளே இருப்பதைக் காட்டாது. உங்களுக்கு வேண்டியது அவ்வளவுதான், அதற்கு மேல் வேண்டாம். 90 நாளுக்கு முந்தியதை அதில் தேட முடியாது, ஆகவே சந்தேகம் வந்தால் தள்ளிப் போடாதீர்கள்.

சிலர் ஜீமெயிலுக்குப் போகும் எல்லாவற்றையும் அடைத்துவிடலாம் என்பார்கள். உங்கள் தொழிலில் அது நடக்காது. பிரதான வீதியிலும் கெய்சர் வீதியிலும் இறக்குமதி செய்கிற உங்கள் வாடிக்கையாளர்களில் பாதிப்பேரின் முகவரியே ஜீமெயில்தான். ஊழியர்களின் சொந்த முகவரி அவர்கள் வேலைக்கு விண்ணப்பித்த காகிதத்திலேயே இருக்கும். அந்த 17 முகவரிகளுக்கு அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல் போனால் முகாமையாளருக்கு அறிவித்தல் வரும்படி Mail flow பக்கத்தில் ஒரு விதி போடலாம். போடப் போகிறோம் என்பதை எல்லோருக்கும் முன்பே சொல்லிவிட்டுத்தான் போட வேண்டும். புதிதாக ஒரு முகவரி திறந்து அதற்கு அனுப்புகிறவரை இது பிடிக்காதுதான். அவரைப் பிறகு தேடும்போது Message trace காட்டும்.

மூன்றாம் கேள்வியில்தான் பெரும்பாலான சிறிய நிறுவனங்கள் தோற்கின்றன. இதில் எனக்கு ஆறாத ஒரு நினைவு இருக்கிறது. பல வருடங்களுக்கு முன் ஒரு நிறுவனத்துக்குக் கணினி ஆலோசனை செய்து வந்தேன். கணக்குப் பகுதியில் மூன்று பேருக்கும் ஒரே லொகின். பாஸ்வேர்ட்டை மஞ்சள் துண்டுக் காகிதத்தில் எழுதி மொனிட்டரின் அடியில் ஒட்டியிருந்தார்கள். அந்த லொகினிலிருந்து சம்பளப் பட்டியல் வெளியே போய்விட்டது. அந்த மேசையில் வழக்கமாக உட்காரும் ஒரு பெண்பிள்ளைக்கு எழுத்து மூல எச்சரிக்கை கொடுத்தார்கள். பதிவை எடுத்துக் கொடுத்தவன் நான். மூன்று மாதம் கழித்து வேறு எதற்கோ வரவுப் பதிவேட்டைப் புரட்டியபோதுதான் பார்த்தோம், அன்று அவர் லீவு. தாயை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருந்தார். எச்சரிக்கையைத் திரும்பப் பெற்றார்கள். அதற்குள் அவர் வேலையை விட்டுப் போய்விட்டார்.

ஆகவே விதி 4-க்கு முன்னால் இந்த விதி இருக்க வேண்டும்:

> விதி 2. ஒவ்வொரு ஊழியருக்கும் தனிப் பயனர் பெயரும் பாஸ்வேர்ட்டும் உண்டு. பாஸ்வேர்ட்டை மேலதிகாரி உட்பட எவருக்கும் சொல்லவோ, எழுதி வைக்கவோ கூடாது. இருக்கையை விட்டு எழும்போது திரையைப் பூட்ட வேண்டும். ஒருவர் லீவில் இருக்கும்போது அவருடைய மின்னஞ்சல் தேவைப்பட்டால், முகாமையாளர் நிர்வாகியிடம் எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். ஊழியரிடம் பாஸ்வேர்ட் கேட்கக் கூடாது.

'மேலதிகாரி உட்பட' என்ற சொல் உங்களுக்குத்தான். "பாஸ்வேர்ட் என்ன தம்பி" என்று நீங்கள் ஒருமுறை கேட்டு அவர் சொல்லிவிட்டால், அந்த லொகினில் நடந்த எதற்கும் அவரைப் பொறுப்பாக்க முடியாது. சுங்கத்தின் அசிகுடா அமைப்பில் பிரகடனம் போடுகிறவரின் பாஸ்வேர்ட்டுக்கும் இதுவே பொருந்தும். வேலை முடியட்டும் என்று அதைப் பக்கத்து மேசைக்குக் கடன் கொடுக்கிற பழக்கம் உங்கள் அலுவலகத்தில் இருந்தால், விதி எழுதுவதற்கு முன் அதை நிறுத்துங்கள். விண்டோஸில் Windows விசையையும் L-ஐயும் சேர்த்து அழுத்தினால் திரை பூட்டிக்கொள்ளும். இதை ஒவ்வொருவரையும் கையால் செய்ய வைத்துக் காட்டுங்கள். 10 நிமிடம் தொடாமல் இருந்தால் தானாகப் பூட்டும்படியும் வைத்துவிடுங்கள்.

அப்புறம், பார்ப்பது பற்றிய விதி. நீங்கள் எதைப் பார்ப்பீர்கள் என்று ஊழியருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் போக்கும் இதுதான்: ஒருவருடைய தரவைச் சேர்ப்பதென்றால் காரணத்தைச் சொல்ல வேண்டும், அந்தக் காரணத்துக்குத் தேவையான அளவே சேர்க்க வேண்டும், தேவை முடிந்ததும் வைத்திருக்கக் கூடாது. அந்தச் சட்டம் பகுதி பகுதியாகத்தான் நடைமுறைக்கு வருகிறது. நீங்கள் இன்றைக்கே அந்த அளவில் எழுதி வைத்தால் பிறகு மாற்ற வேண்டியிராது. "நிறுவனம் எதையும் எப்போதும் கண்காணிக்கலாம்" என்று உங்கள் ஆங்கில ஆவணத்தில் இருந்தால் அதை வெட்டிவிட்டு இதைப் போடுங்கள்:

> விதி 7. நிறுவன மின்னஞ்சலில் அனுப்பியவர், பெற்றவர், நேரம், தலைப்பு ஆகியவையும், நிறுவனக் கணினிகளில் லொகின் செய்த நேரமும் பதிவாகின்றன. குறிப்பிட்ட முறைப்பாடு அல்லது சந்தேகம் எழும்போது மட்டும், முகாமையாளரும் இன்னொரு அலுவலரும் ஒன்றாக இருந்து அவற்றைப் பார்ப்பார்கள். பார்த்த திகதியும் காரணமும் ஒரு பதிவேட்டில் எழுதப்படும். ஊழியரின் சொந்த மின்னஞ்சல், சொந்த வட்ஸ்அப், வங்கிக் கணக்கு ஆகியவற்றை நிறுவனம் பார்க்காது. விசாரணை இல்லாத பதிவுகள் 90 நாளின் பின் வைத்திருக்கப்பட மாட்டா.

முகவரிகளுக்கான அறிவித்தல் விதியைப் போடுவதென்றால் அதையும் இங்கே ஒரு வரியாகச் சேர்க்க வேண்டும். சொல்லாமல் வைத்த கண்ணி பிறகு உங்களுக்கு எதிராகவே பேசும்.

இனி, இந்த விதிகள் நடைமுறைக்கு வந்து இரண்டு மாதத்தில் ஒன்று நடக்கிறது என்று வைத்துக் கொள்வோம். ஒரு செவ்வாய்க்கிழமை உங்கள் வாடிக்கையாளர் ஒருவர் போன் எடுத்து, "உங்கள் விலைக் கூற்று அப்படியே வேறொருவர் கையில் இருக்கிறது" என்கிறார். பதிவேட்டில் காரணத்தை எழுதிவிட்டு, கணக்காளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு Message trace-ஐத் திறக்கிறீர்கள். ஒரு முகவரியிலிருந்து ஒரே சொந்த ஜீமெயிலுக்கு 14 மின்னஞ்சல்கள். அறிக்கையைப் பதிவிறக்கி, அச்சிட்டு, இருவரும் திகதியிட்டுக் கையொப்பம் வைக்கிறீர்கள்.

இங்கே ஒரு குழி இருக்கிறது. பதிவிறக்கிய அறிக்கையில் நேரம் UTC கணக்கில் வரும். நம்முடைய நேரம் அதைவிட ஐந்தரை மணித்தியாலம் முன்னால். அறிக்கையில் 12:10 முதல் 12:40 வரை என்று இருந்தால், கொழும்பில் அது மாலை 5:40 முதல் 6:10 வரை. இதைக் கவனிக்காமல் "பகல் 12:10க்கு அனுப்பினீர்கள்" என்று கடிதத்தில் எழுதிவிட்டால், அந்த நேரம் தான் துறைமுகத்தில் நின்றதாக வாயிற் பதிவைக் காட்டி அவர் முழுக் கடிதத்தையும் தகர்த்துவிடுவார். வரவுப் பதிவோடு நேரத்தை ஒப்பிட்ட பிறகுதான் கடிதம் எழுத வேண்டும். நான் மேலே சொன்ன அந்தப் பெண்பிள்ளைக்கு இந்த ஒரு காரியத்தைத்தான் யாரும் செய்யவில்லை.

பிறகு, அவர் அனுமதி கேட்ட மின்னஞ்சல் உண்டா, அடுத்த நாள் அறிவித்த மின்னஞ்சல் உண்டா என்று உங்கள் பெட்டியிலேயே தேடிப் பாருங்கள். இரண்டும் இல்லை என்றால் காரணம் காட்டும்படி கேட்கும் கடிதம் கொடுக்கலாம். அதில் 'நம்பிக்கைத் துரோகம்' போன்ற கனத்த சொற்கள் வேண்டாம். இன்ன திகதி, இன்ன நேரம், 14 மின்னஞ்சல்கள், விதி 4 இன் முதற் பந்தி, விளக்கம் தர 7 நாள் அவகாசம். அச்சிட்ட அறிக்கையின் பிரதியையும் இணையுங்கள். எதற்குப் பதில் சொல்கிறோம் என்று அவர் கண்ணால் பார்க்க வேண்டும்.

விளக்கம் வந்த பிறகு தண்டனை. இதையும் விதியிலேயே முன்கூட்டி எழுதியிருக்க வேண்டும். என் பரிந்துரை இது: அறிவிக்காமல் அனுப்பிய முதல் தடவைக்கு எழுத்து மூல எச்சரிக்கை, 12 மாதத்துக்குள் திரும்ப நடந்தால் உள்ளக விசாரணை. கோப்பு போட்டியாளருக்கோ வெளியாளுக்கோ கொடுக்கப்பட்டதற்கு ஆதாரம் இருந்தால் முதல் தடவையிலேயே உள்ளக விசாரணை, அது வேலை நீக்கம் வரை போகலாம். உள்ளக விசாரணையை நடத்துகிறவர் முறைப்பாடு செய்தவராக இருக்கக் கூடாது. நீங்களே பதிவைப் பார்த்து, நீங்களே கடிதம் கொடுத்து, நீங்களே தீர்ப்பும் சொன்னால் அதற்குப் பெயர் விசாரணை அல்ல. வெளியிலிருந்து ஒரு சட்டத்தரணியையோ ஓய்வுபெற்ற அதிகாரியையோ கூப்பிடுங்கள்.

முடிவு நீக்கம் என்றானால், காரணத்தை எழுத்தில் கொடுக்கத் தாமதிக்க வேண்டாம். உங்களிடம் 15 பேருக்கு மேல் வேலை செய்வதால் 1971 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கச் சட்டம் உங்களுக்குப் பொருந்தும். ஒழுக்காற்று நடவடிக்கையாக நீக்கினால் அந்தத் திகதிக்குப் பிந்திய இரண்டாவது வேலைநாள் முடியும் முன் காரணத்தை எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்று அது சொல்கிறது. சம்பளத்தில் வெட்டுவது என்ற வரியை மட்டும் எங்கேயும் எழுதி விடாதீர்கள். கடை, அலுவலக ஊழியரின் சம்பளத்தில் எதைக் கழிக்கலாம் என்பதைச் சட்டம் வரையறுத்திருக்கிறது. முதலாளி தன் விருப்பத்துக்குத் தண்டம் போட முடியாது. "கணினி வைரஸ் வந்தால் திருத்தச் செலவு சம்பளத்தில் கழிக்கப்படும்" என்ற வரியைப் பல அலுவலக ஆவணங்களில் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு வரியே முழு ஆவணத்தின் மரியாதையையும் கெடுத்துவிடும்.

பேஸ்புக், யூடியூப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் உங்கள் 9 பக்கத்தில் பெரும்பகுதி அதுவாகத்தான் இருக்கும். இரண்டு வரியில் முடியுங்கள். அலுவலக இணைப்பில் வீடியோவும் நேரடி ஒளிபரப்பும் பார்க்கக் கூடாது, நிர்வாகி நிறுவாத எந்த மென்பொருளையும் நிறுவக் கூடாது. முதலாவதை ரவுட்டரிலேயே அடைக்கலாம், இரண்டாவதற்கு ஊழியர் கணக்குகளிலிருந்து நிர்வாகி உரிமையை எடுத்துவிட்டால் போதும். கிரிக்கெட் நாளில் இணைப்பு படுத்து, பிரகடனம் ஏற்ற முடியாமல் போவது நிற்கும். மதிய இடைவேளையில் ஒருவர் தன் பிள்ளையின் பாடசாலை இணையத்தளத்தைப் பார்த்தால் உங்களுக்கு ஒரு நட்டமும் இல்லை. சாப்பாட்டு நேரத்தில் சொந்தத் தேவைக்கு இணையம் பார்க்கலாம் என்று அதையும் எழுத்தில் அனுமதித்து விடுங்கள். எழுதாமல் அனுமதிப்பதுதான் பிறகு தலைவலி.

கடைசியாக, பாஷையும் கையெழுத்தும். உங்கள் 17 பேரில் யார்டில் நிற்பவர்களும் சாரதியும் 9 பக்க ஆங்கிலத்தை வாசித்திருப்பார்கள் என்று நீங்களே நம்ப மாட்டீர்கள். 'விளங்காமல் கையெழுத்து வைத்தேன்' என்று ஒருவர் சொன்னால் அதை மறுக்க உங்களிடம் ஒன்றுமில்லை. புதியதை இரண்டு பக்கத்துக்குள் தமிழிலும் சிங்களத்திலும் எழுதுங்கள். வழக்கு என்று வந்தால் எந்தப் பிரதி செல்லும் என்றும் அதிலேயே ஒரு வரி போடுங்கள். ஒரு மணித்தியாலம் எல்லோரையும் இருத்தி வாசித்துக் காட்டி, கேள்வி கேட்க விடுங்கள். விதி 4-ஐ வாசிக்கும்போது யார்டுக்குப் போகிறவர்கள் ஏதாவது சொல்வார்கள். அதைக் கேட்டு அங்கேயே திருத்துங்கள், அந்த வேலை உங்களை விட அவர்களுக்குத் தெரியும்.

முதல் வரியில் ஆரம்பத் திகதி இருக்கட்டும். அடுத்த மாதம் 1 ஆம் திகதி முதல் நடைமுறை, அதற்கு முன் சொந்த முகவரிக்கு அனுப்பியவற்றுக்கு நடவடிக்கை இல்லை, அந்தத் திகதிக்குள் அவற்றை அழித்துவிட வேண்டும். நிறுவன உரிமையாளருக்கும் இதே விதிகள் பொருந்தும் என்று அடுத்த வரியில் எழுதி, கையெழுத்துத் தாளில் முதல் ஆளாக நீங்கள் வையுங்கள். வைப்பதற்கு முன், உங்கள் சொந்த ஜீமெயிலில் கிடக்கும் அலுவலகக் கோப்புகளை நிறுவன மின்னஞ்சலுக்கு மாற்றிவிட்டு அழித்து விடுங்கள். அன்று அந்த ஊழியர் கேட்ட கேள்வியை அவர் மறந்திருக்க மாட்டார்.